நான்காம் நாள் வேலைக்கு வந்தவர்: ஜனாஸாவையும் துக்க நாள்களையும் அலுவலக நண்பர்களுக்கு மூன்று நிமிட வீடியோவில் சொல்வது எப்படி

அத்தா மவுத்தாகி நான்காம் நாள் நான் வேலைக்குப் போனேன். பக்கத்து இருக்கையில் இருக்கும் நண்பர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். கையைப் பிடித்துக்கொண்டு, “அப்பா மேல அவ்வளவு உயிரா இருந்தீங்களே, மூணு நாள்லயே வந்துட்டீங்களே?” என்றார். அவர் குத்திக் காட்டவில்லை. நான் ஏதோ மனம் உடைந்து வீட்டில் இருக்கப் பிடிக்காமல் வந்துவிட்டேன் என்று நினைத்துக் கவலைப்பட்டுத்தான் கேட்டார். அவருடைய வழக்கத்தில் துக்கம் இன்னும் பல நாள் நீளும். எங்கள் வழக்கத்தில் மூன்று நாள். இந்த ஒரு வித்தியாசம் தெரியாததால், என் துக்கம் சிறியது என்ற எண்ணம் அவருக்கு வந்துவிட்டது. எனக்கும் அன்று பதில் சொல்ல வாய் வரவில்லை.

அதன் பிறகு ஒரு வீடியோ செய்தேன். முதல் வீடியோ 11 நிமிடம் ஓடியது. மரணத்தைப் பற்றி இஸ்லாம் சொல்வது, மறுமை, கப்ர் என்னும் அடக்கக் குழியின் வாழ்க்கை, குளிப்பாட்டும் முறை, உடலைப் பொதியும் கஃபன் துணியின் கணக்கு என்று எல்லாம் இருந்தது. எல்லோரும் மரியாதையாக நன்றி சொன்னார்கள். மறுநாள் ஒரு தோழி தயங்கித் தயங்கி வந்து கேட்டார்: “அம்மாவைப் பார்க்க நான் வரலாமா, வேண்டாமா?” அத்தனை நிமிடத்தில் அவருக்கு வேண்டிய ஒரு வரி இல்லை. அப்புறம் அதைத் தூக்கி வைத்துவிட்டு, 3 நிமிடத்துக்குள் அடங்கும்படி மறுபடி செய்தேன். அந்த இரண்டாவது வீடியோவை எப்படிச் செய்தேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் முஸ்லிம் என்பதால், இறந்தவரை அடக்கம் செய்யும் ஜனாஸாவையும் கணவரை இழந்த பெண் இருக்கும் இத்தாவையும் வைத்துச் சொல்கிறேன். உங்கள் வீட்டு வழக்கம் வேறாக இருந்தால் உள்ளடக்கம் மாறும், செய்முறை மாறாது.

முதலில் கேள்விகளைச் சேகரியுங்கள்

எழுத உட்காருவதற்கு முன் வேறு வேறு நம்பிக்கை கொண்ட மூன்று பேரிடம் தனித்தனியாகப் பேசுங்கள். “எங்கள் மதத்தைப் பற்றி என்ன தெரிந்துகொள்ள ஆசை?” என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் பொதுவான கேள்விகள்தான் வரும். “எங்கள் வீட்டில் இறப்பு என்று செய்தி வந்த அன்று உங்களுக்கு எந்த இடத்தில் தயக்கம் வந்தது?” என்று கேளுங்கள். எனக்குக் கிடைத்தவை இவை: ஏன் அவ்வளவு அவசரமாக அடக்கம் செய்தீர்கள்? நான் வந்திருந்தால் எங்கே நின்றிருக்க வேண்டும்? என்ன சொல்ல வேண்டும்? மூன்று நாளில் எப்படித் திரும்பினீர்கள்? உங்கள் அம்மாவை ஏன் யாரும் பார்க்க முடியவில்லை?

ஐந்து கேள்வி. ஐந்துமே கேட்பவர் நின்றுபோன இடங்கள். மறுமையைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. அது எனக்கு மிகவும் முக்கியமாக இருந்தும், இந்த வீடியோவுக்குள் அதற்கு இடமில்லை என்று முடிவு செய்தேன். யாராவது பிறகு கேட்டால் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம். நம்பிக்கையை விளக்கும் வீடியோ, கேட்பவருக்குச் சீக்கிரம் பிரசாரம் போலத் தோன்றிவிடும். துக்கத்தில் இருப்பவரிடம் அதை மறுத்தும் பேச முடியாமல் அவர் நெளிவார்.

மூன்று குறி

சொல்ல நினைப்பதையெல்லாம் ஒரு தாளில் வரி வரியாக எழுதி, ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு குறி போடுங்கள். ‘எ’ என்றால் எல்லா முஸ்லிம்களும் செய்வது. ‘ப’ என்றால் பலர் செய்வது. ‘வீ’ என்றால் எங்கள் வீட்டில் செய்தது. இந்த வேலைக்கு ஒரு மாலை முழுக்கப் போகும். போகட்டும், வீடியோவின் நேர்மை இதில்தான் இருக்கிறது.

‘எ’ என்று நான் போட்டவை நான்கு: குளிப்பாட்டுவது, கஃபன் துணியில் பொதிவது, ஜனாஸா தொழுகை, மண்ணில் அடக்குவது. இவை நான்கும் சமுதாயத்தின் மேல் உள்ள பொதுக்கடமை. சிலர் செய்துவிட்டால் எல்லோர் சார்பிலும் நிறைவேறிவிடும், ஒருவருமே செய்யாமல் விட்டால் எல்லோர் மேலும் பொறுப்பு விழும். அதனால்தான் முன்பின் தெரியாதவர்கள்கூட வந்து தொழுகையில் நிற்பார்கள், உடலைச் சுமக்கும் சந்தூக்கைத் தோளில் வாங்குவார்கள். இதைச் சடங்கு என்று நாங்கள் சொல்வதில்லை, இறந்தவருக்கு நாங்கள் செலுத்தும் கடமை என்றுதான் சொல்வோம். வீடியோவிலும் சடங்கு என்ற சொல்லை வைக்கவில்லை.

அடுத்த வரியிலேயே நான் சறுக்கினேன். ‘தொழுகையில் நான்கு தக்பீர் சொல்வோம்’ என்று எழுதி அதற்கும் ‘எ’ போட்டிருந்தேன். ‘அல்லாஹு அக்பர்’ என்று சொல்வதுதான் தக்பீர். எழுதியதைப் படித்த ஷியா நண்பர் ஒருவர், “எங்களுக்கு ஐந்து” என்றார். என் கூடவே பிறந்து வளர்ந்த வழக்கம் என்பதால், அது எல்லோருக்கும் பொது என்று நினைத்துவிட்டேன். உங்கள் தாளில் ‘எ’ போட்ட வரிகளை மட்டுமாவது உங்கள் மதத்துக்குள்ளேயே வேறு பிரிவில் இருக்கும் ஒருவரிடம் காட்டுங்கள். கஃபன் துணி ஆணுக்கு மூன்று, பெண்ணுக்கு ஐந்து என்பதும் பலர் வழக்கம்தான், எல்லோருடையதும் அல்ல. பெண்கள் அடக்கத்தலம் வரை போவதில் ஒவ்வொரு இடத்திலும் ஒரு நிலை. மூன்றாம் நாள், ஏழாம் நாள், நாற்பதாம் நாள் என்று கூடி ஓதுவதைச் சில குடும்பங்கள் விடாமல் செய்கின்றன, சில குடும்பங்கள் வேண்டாம் என்று ஒதுக்குகின்றன. இந்தக் கடைசி விஷயம் எங்கள் சொந்தக்காரர்களுக்குள்ளேயே வாக்குவாதம் கிளப்பும். எந்தப் பக்கம் சரி என்று அலுவலக வீடியோவில் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். ‘சில வீடுகளில் கூடுவார்கள், அழைத்தால் போங்கள்’ என்பது போதும்.

குறி போட்ட பிறகு தேர்வு எளிது. ‘எ’ வரிகளை உள்ளே வையுங்கள். ‘வீ’ வரிகளில் கேட்டவர்களின் தயக்கத்தைத் தீர்ப்பவற்றை மட்டும் வையுங்கள், ‘எங்கள் வீட்டில்’ என்ற சொல்லோடு. ‘ப’ வரிகளில் பெரும்பாலானவை போய்விடும்.

வீட்டில் அனுமதி

கேமராவைத் தொடுவதற்கு முன் அம்மாவிடம் போய் உட்கார்ந்தேன். அத்தாவின் பெயரைச் சொல்லலாமா, படம் வைக்கலாமா, அம்மா இத்தாவில் இருப்பதைச் சொல்லலாமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். பெயர் வேண்டாம், படம் வேண்டாம், இத்தாவைச் சொல்லு என்றார். “அவங்க என்னைப் பார்க்க முடியலைன்னு வருத்தப்பட்டா, ஏன்னு தெரியணும்ல” என்றார். நான் எதிர்பார்த்ததற்கு நேர்மாறு. ஆகவே மொத்தமாக ‘வீடியோ எடுக்கலாமா?’ என்று கேட்டு ஒரே தலையசைப்பில் அனுமதி வாங்கிவிடாதீர்கள்.

எழுத்து வடிவம்

பேசிப் பார்த்ததில், நிதானமாக நான் பேசினால் ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 90 சொற்கள் வருகின்றன. துக்கத்தைப் பேசும்போது வேகம் இன்னும் குறையும். இடையில் மூச்சு விட இடம் வேண்டும். ஆகவே 3 நிமிடத்துக்கு 230 சொற்களைத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொண்டேன். நான் பேசியது இதுதான்:

“என் அத்தா இறந்தபோது நீங்கள் காட்டிய அக்கறைக்கு நன்றி. சிலர் என்னிடம் கேட்டீர்கள், சிலர் கேட்கத் தயங்கினீர்கள். முஸ்லிம் வீட்டில் ஒருவர் இறந்தால் என்ன நடக்கும், அப்போது நீங்கள் என்ன செய்யலாம் என்று எங்கள் வீட்டை வைத்துச் சொல்கிறேன். வேறு வீடுகளில் சில விஷயங்கள் மாறும்.

எங்களில் அடக்கம் சீக்கிரம் நடக்கும், முடிந்தால் அன்றே. இறந்தவரைக் குளிப்பாட்டி, வெள்ளைத் துணியில் பொதிந்து, அவருக்காகத் தொழுது, மண்ணில் அடக்கம் செய்வோம். இதற்கு ஜனாஸா என்று பெயர். இந்த வேலைகளில் இருக்கும்போது போனை எடுக்க மாட்டோம். உங்களுக்குச் செய்தி வருவதற்குள் அடக்கம் முடிந்திருக்கலாம். வர முடியவில்லையே என்று வருந்த வேண்டாம், நாங்கள் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டோம்.

வந்தீர்கள் என்றால் மகிழ்ச்சி. தொழுகை நின்றபடியே சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதில் நீங்கள் கலந்துகொள்ள வேண்டியதில்லை, பின்னால் அமைதியாக நின்றால் போதும். பூவோ மாலையோ தேவையில்லை. என்ன சொல்வது என்று தெரியாவிட்டால் ‘கேள்விப்பட்டேன், வருத்தமாக இருக்கிறது’ என்றாலே போதும்.

வெளிப்படையாகத் துக்கம் காப்பது எங்களுக்கு மூன்று நாள். அந்த நாள்களில் ஆறுதல் சொல்ல வருவார்கள். நான்காம் நாள் நான் வேலைக்கு வந்ததால் துக்கம் முடிந்துவிட்டது என்று இல்லை. அத்தாவைப் பற்றி என்னிடம் பேசுங்கள், கேளுங்கள்.

அம்மாவுக்கு மட்டும் இந்தக் காலம் நான்கு மாதம் பத்து நாள். இதற்கு இத்தா என்று பெயர். கணவரை இழந்த பெண் தன் வீட்டிலேயே இருப்பார், அலங்காரம் செய்துகொள்ள மாட்டார். இது தண்டனை இல்லை, அவர் அடைபட்டும் இல்லை. தோழிகள் அவரைப் பார்க்க வரலாம். ஆண்கள் எங்கள் மூலமாக விசாரித்தால் அவரிடம் சொல்லிவிடுவோம். அந்த மாதங்களில் நான் வெளியூர் வேலைக்கு உடனே ஒத்துக்கொள்ள முடியாமல் போகலாம். காரணம் இதுதான்.”

இவ்வளவுதான். இதில் அரபுச் சொல் இரண்டே இரண்டு. இரண்டிலும் முதலில் பொருளைச் சொல்லி, பிறகு பெயரைச் சொல்லியிருக்கிறேன். ‘ஜனாஸா என்றால்’ என்று தொடங்கினால் கேட்பவர் அந்தச் சொல்லைப் பிடிப்பதிலேயே நின்றுவிடுவார், அடுத்த வரி காதில் விழாது. மய்யித்து, கஃபன், கப்ர், தஃஸியா எல்லாம் எனக்கு அன்றாடச் சொற்கள், ஆனாலும் விட்டுவிட்டேன்.

விட்ட வரிகளில் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். ‘ஆன்மா சாந்தியடையட்டும் என்று எங்களில் சொல்வதில்லை’ என்று ஒரு வரி வைத்திருந்தேன். அது உண்மைதான். ஆனால் அந்த வாரம் ஏழெட்டுப் பேர் அதே சொற்களைத்தான் எனக்கு அனுப்பியிருந்தார்கள். அவர்கள் மனசார எழுதியதை, வீடியோவில் எல்லோர் முன்னாலும் திருத்துவதா? எடுத்துவிட்டேன். என்ன சொல்லலாம் என்று ஒரு வழி காட்டினால் போதும், எது தப்பு என்று பட்டியல் வேண்டாம்.

இன்னொன்று, காரணம் சொல்வது. சீக்கிரம் அடக்கம் செய்வதற்குச் சுகாதாரக் காரணம், இத்தாவுக்கு மருத்துவக் காரணம் என்று சொல்லி நியாயப்படுத்தத் தோன்றும். செய்யாதீர்கள். இத்தாவுக்குக் கருவை உறுதி செய்வது ஒரு காரணமாகச் சொல்லப்படுவது உண்மை. ஆனால் பிள்ளை பெறும் வயதைத் தாண்டிய பெண்ணும் இத்தா இருக்கிறாரே என்று யாராவது கேட்டால் அந்த விளக்கம் அங்கேயே நின்றுவிடும். குர்ஆன் 2:234 இந்தக் கால அளவைச் சொல்கிறது, நாங்கள் கடைப்பிடிக்கிறோம். மரியாதையாகக் கேட்பவருக்கு அந்த நேரான பதிலே போதும்.

ஒப்பீடும் அப்படித்தான். ‘உங்கள் பதினாறாம் நாள் மாதிரி’ என்று சொன்னால் உடனே புரிந்ததுபோல இருக்கும். பிறகு அவர் பதினாறாம் நாளில் என்னென்ன உண்டோ அதையெல்லாம் எங்கள் மூன்றாம் நாளிலும் எதிர்பார்ப்பார்.

மூன்று நாளும் நான்கு மாதம் பத்து நாளும்

வீடியோ பார்த்தவர்கள் அதிகம் குழம்பியது இந்த இரண்டு எண்களில்தான். அதனால் நீங்கள் பேசும்போது இவை இரண்டுக்கும் இடையில் ஒரு நொடி நிறுத்துங்கள்.

மூன்று நாள் என்பது எல்லா உறவினருக்கும் பொது. தாயோ தகப்பனோ பிள்ளையோ இறந்தாலும் அதே மூன்று நாள். அது வெளியே காட்டும் துக்கத்துக்கு வைத்த எல்லை, மனசுக்கு வைத்த எல்லை அல்ல. நபி அவர்கள் தம் கைக்குழந்தை இப்ராஹீம் இறந்தபோது அழுதார்கள். கண் நீர் சிந்துகிறது, உள்ளம் வருந்துகிறது, ஆனாலும் இறைவனுக்குப் பொருந்தாததைச் சொல்ல மாட்டோம் என்று சொன்னார்கள் என்பது நபிமொழி. அழுவது உண்டு, ஓலமிட்டுப் புலம்புவதும் சட்டையைக் கிழிப்பதும்தான் இல்லை. இது தெரியாதவர் எங்கள் வீட்டுக்கு வந்தால், ‘யாரும் சத்தமாக அழவில்லையே’ என்று ஆச்சரியப்படுவார். முடிந்தால் இதற்கும் ஒரு வரி வையுங்கள். எனக்கு நேரம் போதவில்லை.

நான்கு மாதம் பத்து நாள் என்பது கணவரை இழந்த மனைவிக்கு மட்டும். இது பிறைக் கணக்கு. முஹர்ரம் 10 அன்று கணவர் இறந்தால் நான்கு மாதம் கழித்து ஜமாதுல் அவ்வல் 10, அதோடு பத்து நாள் சேர்த்தால் ஜமாதுல் அவ்வல் 20. பிறை மாதம் 29 அல்லது 30 நாள் என்பதால் மொத்தம் 128 நாளை ஒட்டி வரும். மாதத்தின் நடுவில் இறப்பு நேர்ந்தால் மாதத்துக்கு முப்பது நாள் வைத்து 130 என்று எண்ணுபவர்களும் உண்டு. ஆங்கிலக் காலண்டரைப் பார்த்து நாலு மாதம் பத்து நாள் எண்ணினால் சில நாள் அதிகமாகப் போய்விடும். என் மேலாளர் அப்படி எண்ணித்தான் ஒரு தேதியைக் குறித்து வைத்திருந்தார். ஆகவே வீடியோவில் முடியும் தேதி என்று எதையும் போடாதீர்கள். ‘முடிந்ததும் நானே சொல்கிறேன்’ என்று தனியாகச் சொல்லிவிடுங்கள். கர்ப்பமாக இருக்கும் பெண்ணுக்கு, சுன்னி வழக்கில், இத்தா பிரசவத்தோடு முடியும். இது உங்கள் வீட்டுக்குப் பொருந்தாவிட்டால் வீடியோவில் தேவையில்லை.

இத்தாவில் இருப்பவரே உங்கள் சக ஊழியர் என்றால் விஷயம் வேறு. தேவைக்கு வெளியே போவதற்கு அனுமதி உண்டு. மருத்துவமனைக்குப் போகலாம், வேறு வழியில்லாதபோது பகலில் வேலைக்குப் போகலாம் என்று மார்க்க அறிஞர்கள் சொல்கிறார்கள். சவூதி அரேபியாவின் தொழிலாளர் சட்டம் முஸ்லிம் பெண் ஊழியருக்கு இந்தக் காலம் முழுவதும் சம்பளத்துடன் விடுப்புத் தருகிறது. பெரும்பாலான இடங்களில் அப்படி இல்லை. அந்தச் சூழ்நிலையில் வீடியோவை அவரே பேச வேண்டும், அல்லது அவர் விரும்பவில்லை என்றால் வீடியோவே வேண்டாம். அவருக்காக இன்னொருவர் பேசுவது, அதுவும் ஓர் ஆண் பேசுவது, நன்றாக இருக்காது.

படமும் சத்தமும்

படத்தில் காட்டக் கூடாதவற்றை முதலில் முடிவு செய்யுங்கள். இறந்தவரின் முகம், பொதிந்த உடல், அழுகிறவர்கள், பெயர் தெரியும் கப்ர் எதுவும் வேண்டாம். இணையத்தில் கிடைக்கும் ஜனாஸாக் காட்சிகளையும் தொடாதீர்கள். அதில் இருப்பவரும் யாரோ ஒருவருடைய தகப்பன்தான். தவிர, அது வேறு நாட்டு வழக்கமாக இருக்கும், நீங்கள் சொல்வதோடு ஒத்துப்போகாது.

நான் எடுத்தது நான்கே காட்சி. மடித்து வைத்த வெள்ளைத் துணி. வாசலில் வரிசையாகக் கழற்றிவிட்ட செருப்புகள். ஒரு கை மண்ணை அள்ளி விடுவது. அம்மாவின் அறைக் கதவு பாதி திறந்திருப்பது, உள்ளிருந்து வெளிச்சம் வருவது. மற்ற நேரமெல்லாம் என் முகம்தான்.

மண் அள்ளும் காட்சியை வீட்டுத் தோட்டத்தில் எடுத்தேன். அடக்கத்தின்போது சுற்றி நிற்பவர்கள் ஒவ்வொருவரும் மூன்று முறை கையால் மண் அள்ளிப் போடுவோம். ‘இதிலிருந்தே உங்களைப் படைத்தோம்’ என்று முதல் பிடிக்கும், ‘இதற்கே உங்களைத் திருப்புவோம்’ என்று இரண்டாம் பிடிக்கும், ‘இதிலிருந்தே மறுபடி எழுப்புவோம்’ என்று மூன்றாம் பிடிக்கும் ஓதுவோம். அத்தாவுக்குப் போடும்போது இரண்டாவது பிடியில் என் கை நடுங்கியது நினைவிருக்கிறது. வீடியோவில் அந்தக் காட்சி ஓடும் ஆறு விநாடியும் நான் எதுவும் பேசவில்லை. பார்த்தவர்களில் இரண்டு பேர் அந்த இடத்தைப் பற்றித்தான் பிறகு கேட்டார்கள்.

கதவைப் பாதி திறந்து வைத்ததற்கும் காரணம் இருக்கிறது. முதல் தடவை மூடிய கதவைத்தான் எடுத்தேன். எடிட் செய்து பார்த்தபோது, ‘அடைபட்டு இல்லை’ என்று நான் சொல்லும் நேரத்தில் திரையில் மூடிய கதவு. வாய் ஒன்று சொல்ல, படம் வேறொன்று சொன்னது. உங்கள் வீடியோவை ஒருமுறை சத்தமில்லாமல் ஓட்டிப் பாருங்கள். இந்த மாதிரித் தவறு அப்போதுதான் கண்ணில் படும்.

பின்னணி இசை வேண்டாம். சோக இசை போட்டால் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குச் சங்கடம், கேட்பவருக்கும் நாடகம் பார்ப்பது போல இருக்கும். இசைக்குப் பதிலாகக் குர்ஆன் ஓதலைப் பின்னணியில் மெதுவாக ஓட விடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அது இன்னும் பெரிய தவறு. ஓதும்போது வாய்மூடிக் கேட்க வேண்டும் என்பது எங்கள் ஒழுக்கம். அதன் மேலேயே நாம் பேசிக்கொண்டு போகலாமா? மௌனமாக விடுங்கள். விசிறியை நிறுத்திவிட்டு, ஜன்னலைச் சாத்திவிட்டு, போனைக் கண் மட்டத்தில் வைத்துப் பேசினால் குரல் தெளிவாக வரும். வேறு கருவி எதுவும் தேவைப்படவில்லை.

எழுத்துத் துணை வரிகள்

அலுவலகத்தில் பெரும்பாலோர் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பார்கள். பேச்சு முழுவதற்கும் திரையில் எழுத்து வேண்டும். அதற்கான கோப்பைச் சாதாரண எழுத்துக் கோப்பாகவே எழுதலாம். `janaza.srt` என்ற பெயரில் இப்படி:

```
1
00:01:42,000 --> 00:01:46,500
வெளிப்படையாகத் துக்கம் காப்பது
எங்களுக்கு மூன்று நாள்.

2
00:01:47,500 --> 00:01:53,000
நான்காம் நாள் நான் வந்ததால்
துக்கம் முடிந்துவிட்டது என்று இல்லை.
```

விநாடிக்கும் அதன் பின்னத்துக்கும் நடுவில் இருப்பது காற்புள்ளி, புள்ளி அல்ல. கோப்பைச் சேமிக்கும்போது `UTF-8` என்று தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் தமிழ் எழுத்துக்குப் பதிலாகக் கேள்விக்குறிகள் வரும். ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் போகாதீர்கள். முக்கியமாக, வாக்கியத்தை எங்கே வெட்டுகிறீர்கள் என்று பாருங்கள். ‘நான்காம் நாள் நான் வந்ததால் துக்கம் முடிந்துவிட்டது’ என்பது ஒரு துண்டாகவும் ‘என்று இல்லை’ என்பது அடுத்த துண்டாகவும் போனால், ஐந்து விநாடிக்குத் திரையில் நேர்மாறான பொருள் நிற்கும். தமிழில் மறுப்பு கடைசியில் வருவதால் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. எனக்கு நடந்ததும் இதுதான், அனுப்புவதற்கு முந்தின இரவு கண்டுபிடித்தேன்.

காட்டிப் பார்த்துத் திருத்துவது

இரண்டு பேருக்கு முதலில் காட்டுங்கள். ஒருவர் உங்கள் பள்ளிவாசல் இமாமோ மார்க்கம் படித்த பெரியவரோ. அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: “இதில் தவறாக ஏதாவது சொல்லியிருக்கிறேனா?” அவர் இன்னும் பத்து விஷயம் சேர்க்கச் சொல்வார். அன்போடு சொல்வார். தவறை மட்டும் திருத்திக்கொண்டு, சேர்க்கச் சொன்னதைக் குறித்து வைத்துக்கொண்டு, நன்றி சொல்லி வந்துவிடுங்கள்.

இன்னொருவர் வேறு நம்பிக்கை கொண்ட சக ஊழியர். அவரிடம் ‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்டால் ‘நல்லா இருக்கு’ என்றுதான் பதில் வரும். வேறு என்ன சொல்வார்? அதற்குப் பதிலாக, மறுநாள் அவரையே சொல்லச் சொல்லுங்கள்: “எங்கள் வீட்டில் நாளைக்கு ஒரு மவுத் என்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்?” நான் கேட்டபோது அந்தத் தோழி, “செய்தி வந்ததும் கிளம்பி வருவேன், பின்னால நிப்பேன், பூ வாங்க மாட்டேன், உங்க அம்மாவைப் பார்க்க நாலு மாசம் கழிச்சு வருவேன்” என்றார். கடைசி வரி தவறு. பெண்கள் எப்போது வேண்டுமானாலும் வரலாமே. எழுத்தைத் திரும்பப் பார்த்தேன். முதலில் ‘ஆண்கள் அந்தக் காலத்தில் அவரைப் பார்க்க முடியாது’ என்று எழுதி, அதற்குப் பிறகுதான் தோழிகளைச் சொல்லியிருந்தேன். முதலில் கேட்ட ‘முடியாது’ மட்டும் அவர் மனதில் தங்கிவிட்டது. வரிசையை மாற்றி, ‘தோழிகள் வரலாம்’ என்பதை முன்னால் கொண்டுவந்து, ஆண்களுக்கு உள்ள வழியை அடுத்து வைத்தேன். மேலே நீங்கள் படித்தது அந்தத் திருத்திய வடிவம். இரண்டாவது முறை இன்னொருவரிடம் கேட்டபோது சரியாகச் சொன்னார்.

கை கொடுப்பதைப் பற்றியும் ஒருவர் கேட்டார், ஆணும் பெண்ணும் ஆறுதல் சொல்லும்போது என்ன செய்வது என்று. சிலர் கை கொடுப்பார்கள், சிலர் மாட்டார்கள். எதிரே இருப்பவர் கை நீட்டினால் கொடுங்கள், இல்லாவிட்டால் கையை நெஞ்சில் வைத்துத் தலையசைத்தால் போதும் என்றேன். இதை வீடியோவில் சேர்க்கவில்லை. நேரில் சொல்வதே லேசாக இருந்தது.

அனுப்புவது

இறப்பு நடந்த வாரத்தில் அனுப்பாதீர்கள். அப்போது பார்ப்பவர்கள் தாங்கள் ஏதோ தவறு செய்துவிட்டோமோ என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். நான் ஒரு மாதம் கழித்து, எங்கள் குழுவில் இருக்கும் பதினான்கு பேருக்கு மட்டும், மூன்று வரிக் குறிப்போடு அனுப்பினேன். நான்காம் நாள் என்னிடம் கேட்ட நண்பருக்கு மட்டும் முதலிலேயே தனியாகக் காட்டினேன். அவருடைய கேள்வியிலிருந்துதான் இது வந்தது என்பதை மற்றவர்களோடு சேர்ந்து அவர் தெரிந்துகொள்ளக் கூடாது. அவர் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், “அப்பாவைப் பத்திச் சொல்லுங்க” என்றார். அன்று மதியம் முழுக்க அத்தாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

வீடியோவைப் பொதுவெளியில் போடவில்லை. அம்மா இத்தாவில் இருக்கும் செய்தி அதில் இருக்கிறது, அது தெரிந்தவர்களுக்கு மட்டும். இத்தா முடிந்ததும் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டு, மற்றதை மட்டும் வைத்திருக்கிறேன். இன்னொரு முஸ்லிம் தோழர் தன் அம்மா இறந்தபோது அதைக் கேட்டார். அப்படியே கொடுக்கவில்லை. எழுத்தை மட்டும் கொடுத்து, ‘எங்கள் வீட்டில்’ என்று வரும் இடங்களை அடிக்கோடிட்டு, அங்கெல்லாம் அவர் வீட்டில் நடந்ததை எழுதிக்கொண்டு அவர் குரலிலேயே பேசச் சொன்னேன்.